இரண்டு கிண்ணங்களில் கலந்த சாயம்

"உங்கள் முடி மெல்லியது" என்று அன்றைக்கே வாய்விட்டுச் சொல்லியிருந்தால், எதிர்வீட்டு அக்கா கேட்டிருப்பாரா? இன்னும் எனக்குத் தெரியவில்லை.

துறைமுகத்துக்குப் போகும் சாலையை ஒட்டி, எங்கள் வீட்டு முன்னறையில்தான் என் பார்லர். நான் வேலை பார்க்கையில் என் மகளை இடுப்பில் வைத்துக்கொள்வது அந்த அக்காதான். அவர் மகள் கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது, தன் உடன்பிறந்த அக்காவுடன் தலைக்குச் சாயம் போட வந்தார்.

மூத்தவருக்கு அடர்ந்த முரட்டு முடி, பெரும்பாலும் நரை. சாயம் லேசில் ஏறாது. சாயத்தை முடிக்குள் ஏற்றுகிற டெவலப்பரில் வலுவான இருபது வால்யூமில் அவருக்குக் கலந்தேன். எதிர்வீட்டு அக்காவுக்குத் தைராய்டு வந்ததிலிருந்து முடி நூல்போல் மெலிந்து, உச்சியில் வகிடு அகன்றுவிட்டது. நரை கொஞ்சம்தான். அவருக்குப் பாதி வலுவுள்ள பத்து வால்யூமில் வேறு கிண்ணத்தில் கலந்தேன். மெல்லிய முடியில் சாயம் சீக்கிரம் பிடிக்கும். வலுவான டெவலப்பரைத் தாங்காது. கொஞ்ச நேரத்தில் பஞ்சால் ஒரு கற்றையைத் துடைத்துப் பார்த்தேன். நிறம் ஏறியிருந்தது. உடனே அலசிவிட்டேன். மூத்தவர் இன்னும் பூச்சோடு உட்கார்ந்திருந்தார்.

"ஏளா, அவளுக்கு மட்டும் ஊற வைக்க, எனக்கு அதுக்குள்ள கழுவிட்ட?"

"உங்களுக்கு இதே போதும்க்கா."

"போதுமாம்! கல்யாணப் பொண்ணுக்குத் தாயி நானா, அவளா?"

மூத்தவர் சிரித்தார். "எனக்குத் தேங்கா நாருளா, ஊறித்தான் ஆவணும்."

எதிர்வீட்டு அக்கா சிரிக்கவில்லை. அவர் கண் இரண்டு கிண்ணங்களுக்கும் இடையே போய்வந்தது. தனக்கு மட்டும் மட்டமான சரக்கு என்று நினைக்கிறாரோ என்று எனக்குத் தோன்றியது. ஆனால் முடி மெலிந்ததை அவர் அக்கா முன்னால் எப்படிச் சொல்வது? சொல்லாமல் விடுவதே மரியாதை என்று நினைத்தேனா, பயந்தேனா?

மறுநாள் எதிர்வீட்டு அக்கா கடையில் கிடைத்ததிலேயே வலுவான டெவலப்பரை வாங்கி, வீட்டிலேயே தலை முழுக்க மறுபடி பூசி, தன் அக்காவுக்கு நான் வைத்ததைவிட அதிக நேரம் வைத்திருக்கிறார். அலசும்போது ஈர முடி ரப்பர்போல் இழுபட்டுக் கையோடு அறுந்து வந்ததாம். கல்யாண மேடையில் நெற்றிவரை முக்காடு போட்டு நின்றார். எல்லாப் படத்திலும் அப்படித்தான்.

அதன்பிறகு என் மகளைத் தூக்க அவர் வரவில்லை. அவள் எதிர்வாசலைப் பார்த்துக் கைநீட்டினால் அக்கா உள்ளே போய்விடுகிறார். இப்போது போய் விளக்கினால், புண்ணைக் கிளறுவதுபோல் ஆகுமோ என்று வாசல்வரை போய்த் திரும்பிவிடுகிறேன்.

பார்லர் வைத்திருப்பவர்களே, முடி கொட்டிய வேதனை தெரிந்தவர்களே: மெல்லிய முடிக்காரரிடம் மனம் நோகாமல் இதை எப்படிச் சொல்வீர்கள்? அந்த அக்காவிடம் நான் இப்போது போகலாமா? தயவுசெய்து எழுதுங்கள்.