ஓடுகிற ஜாம்

போர்ட் பிளேரின் டாலிகஞ்சில் நாங்கள் குடியிருந்த வீட்டின் பின்புறம் ஓர் ஒற்றை அறை உண்டு. சுனாமி வந்து மூன்று வருஷம் ஆனபின் அதற்கு ஓர் அக்கா குடிவந்தாள். தெற்கே இன்னொரு தீவில் இருக்கிற ஹட் பேயிலிருந்து வந்தவள். இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து சின்னப் பிள்ளையாக அங்கே வந்து, எண்ணெய்ப் பனைத் தோட்டத்தில் வேலை செய்து, அங்கேயே கல்யாணம் கட்டி, தொழிலாளர் லைன் வீட்டில் குடியிருந்தவள். புருஷனைக் கடல் கொண்டுபோயிற்று. உடம்பு கிடைக்கவில்லை. இதை அவள் குடிவந்த அன்றே, வாளியை எங்கே வைக்கலாம் என்று கேட்கிற குரலில் சொல்லிவிட்டாள். நான் வாளியை வைக்க இடம் காட்டினேன்.

டாலிகஞ்சை அவள் தேடிப் பிடித்ததற்குக் காரணம், அங்கிருந்து கடல் கண்ணில் படாது; சத்தமும் கேட்காது. போர்ட் பிளேரில் இப்படி ஓர் இடம் கிடைப்பது அதிர்ஷ்டம் என்பாள். அவளுடைய அண்ணன் ஹட் பேயிலேயே இருந்தார். போனில் கூப்பிட்டு, "சர்க்கார் புது வீடு குடுத்திருக்கு, ஒத்தையில கெடந்து என்னா செய்யுற, வந்துரு" என்பார். அந்த வீட்டு வாசலில் நின்றால் கடல் தெரியும். வேலை ஒன்று நிலையாகக் கிடைத்துவிட்டால் வரவில்லை என்று சொல்லிவிடலாம், கிடைக்காவிட்டால் மழை முடிந்து வருகிற கப்பலில் ஏறிவிட வேண்டியதுதான் என்று அவர்களுக்குள் பேச்சு.

வேலை ஜாம் வடிவத்தில் வந்தது. ஊருக்குள் ஒரு விருந்தினர் விடுதி. அதன் கேண்டீனைப் பார்த்துக்கொள்கிற மேனேஜர், இங்கேயே பிறந்து வளர்ந்து இந்தி கலந்து பேசுகிற தமிழர், என் வீட்டுக்காரருக்குப் பழக்கம். காலைச் சாப்பாட்டுக்கு மெயின்லேண்டிலிருந்து வருகிற ஜாம் கப்பல் தாமதமானால் வருவதில்லை, இங்கேயே யாராவது அன்னாசி ஜாம் செய்து தந்தால் மாதாமாதம் எடுத்துக்கொள்கிறேன் என்றார். நான் உடனே அக்காவைச் சொன்னேன். அவளும், "அன்னாசியா? எங்க வூட்டுல செஞ்சதுதானே" என்றாள்.

அங்கேதான் முதல் கோளாறு. அவள் வீட்டில் செய்தது ஜாமே இல்லை. நன்றாகப் பழுத்த, கீழே வைத்தால் எறும்பு மொய்க்கிற அன்னாசியாகப் பார்த்து எடுத்து, சீனி போட்டுக் காய்ச்சி, விடியற்காலையில் தோட்டத்துக்குப் போகிற புருஷனுக்கு ரொட்டி மேல் ஊற்றிக் கொடுப்பாளாம். அவர் ரொட்டியைச் சுருட்டி, வழிகிறதை நக்கிக்கொண்டே நடப்பாராம். அது கட்டியாக வேண்டும் என்று அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை.

பக்கத்து ஊரான சிப்பிகாட்டிலிருந்து ஒரு கூடை பழம் வந்தது. அதிலும் அவள் கை தேடித் தேடி ரொம்பப் பழுத்ததையே எடுத்தது. தோல் சீவி, கண் நோண்டி, நடுத்தண்டு எடுத்து, துருவினோம். ஒரு கிலோ பழத்துக்கு ஒரு கிலோ சீனி. இந்தக் கணக்கை நான்தான் சொன்னேன்; எங்கேயோ கேட்டது. எலுமிச்சை பிழியலாமா என்று யோசித்தபோது அக்கா, "அன்னாசியே புளிப்பு, அதுல எலுமிச்சையா? பல்லு கூசிப்போகும்" என்று சிரித்தாள். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது.

காய்ச்சினோம், காய்ச்சினோம், அடுப்படி முழுக்க மணந்தது. ஆறியபிறகு பார்த்தால் பாகு. போத்தலைச் சாய்த்தால் தண்ணீர்போல ஓடுகிறது.

"இதென்னா தங்கச்சி, இப்புடி ஓடுது?"

"இன்னும் கொஞ்சம் சுண்டவிடலாம் அக்கா."

பாதியைத் திரும்ப அடுப்பில் ஏற்றினோம். சுண்டியது. நிறம் கறுத்தது. ஆறியதும் கரண்டி நட்டுக்கொண்டது. பல்லில் போட்டால் மிட்டாய். பழ வாசனையே இல்லை, கருகின சீனி வாசனைதான். அந்தப் பாத்திரத்தைத் தேய்த்த கோபம் எனக்கு இன்றைக்கும் இருக்கிறது. மீதிப் பாதி, ஓடுகிறது, சில போத்தல்களில் அப்படியே நின்றது.

ஓடுகிறதில் ஒன்றை மேனேஜரிடம் காட்டினோம். விரலால் தொட்டு நக்கிவிட்டு, "அக்கா, மீட்டா ஜாஸ்தி. டூரிஸ்ட் லோக் தொட மாட்டாங்க. சீனி கம் பண்ணுங்க, ஆதா போடுங்க. அப்புறம் இது ஜாம் இல்ல, சர்பத். பிரெட்ல தடவுனா நிக்கணும்" என்றார்.

ஆக, இரண்டு கட்டளை. இனிப்புக் குறைய வேண்டும், கட்டியாகவும் ஆக வேண்டும். இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று மல்லுக்கு நிற்கிறவை என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. சீனியைப் பாதியாக்கினோம். கிலோவுக்கு அரைக் கிலோ. அது இன்னும் மோசம். பழத் துருவல் ஒரு பக்கம், சாறு ஒரு பக்கமாக, குடும்பச் சண்டை போட்ட மாதிரி நின்றது. ஆனால் இனிப்பு அளவாக இருந்ததால் மேனேஜர் இரண்டு போத்தல் வாங்கி வைத்தார். மழைக்காலம். ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை, மேலே வெள்ளையாகப் பூசணம் பூத்துவிட்டது. போத்தலைத் திரும்பக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு அவர் சொன்னார்: "அக்கா, புரா மானாதீங்க, தப்பா எடுத்துக்காதீங்க. இன்னொரு தடவ பாக்குறேன். அதுவும் சரியில்லன்னா பஸ், போதும், விட்டுருவோம்."

அன்று சாயங்காலம் அண்ணன் போன். அக்கா என்ன பேசினாள் என்று நான் ஒட்டுக்கேட்கவில்லை. வைத்துவிட்டு வந்து, "கப்பல் டிக்கெட்டு சொல்லி வைக்கட்டுமான்னு கேக்குறாரு" என்றாள். பிறகு கோணியில் இருந்த வெங்காயத்தை எடுத்துக் காரணமில்லாமல் உரித்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. போயும் போயும் ஓர் அன்னாசி ஜாமிடமா ஒரு பொம்பளை தோற்க வேண்டும்?

திண்டுக்கல்லில் இருந்த என் தங்கையைக் கூப்பிட்டேன். அவள் பழம் பதப்படுத்தும் வகுப்புக்குப் போய் வந்து, வீட்டில் ஜாம் செய்து விற்றுக்கொண்டிருந்தாள். கதையை முழுக்கக் கேட்டுவிட்டு, "ஏன்க்கா, நீ ஜாம் கிண்டுறியா, பாயாசம் கிண்டுறியா?" என்றாள். எனக்கு வந்த கோபத்தை விழுங்கிக்கொண்டேன். காரியம் ஆக வேண்டும்.

அவள் சொன்னது இதுதான். ஜாமைக் கட்டியாக்குவது பழத்தில் இருக்கிற பெக்டின் என்கிற சத்து. அது தனியாக ஒன்றும் செய்யாது. சீனி அதிகமாக இருந்து தண்ணீரைத் தன் பக்கம் இழுக்க வேண்டும், புளிப்பும் போதிய அளவு இருக்க வேண்டும். அப்போதுதான் பிடிக்கும். கொய்யாவில் பெக்டின் தாராளம். அன்னாசியில் சொற்பம். பழம் கனியக் கனிய அதுவும் குறையும், புளிப்பும் இறங்கும். "நீங்க போயி அழுகப்போற பழமாப் பொறுக்கியிருக்கீங்க. சர்க்கரையைப் பாதியாக்கினா பிடிக்கவும் பிடிக்காது, கெட்டும் போகும். சர்க்கரைதான்க்கா காவல்."

"அந்த மனுஷன் இனிப்பு வேண்டாங்குறாரே?"

"அதுக்குத்தான் எலுமிச்சை. புளிப்பு ஏறினா நாக்குக்கு இனிப்புக் குறைஞ்ச மாதிரி இருக்கும். கட்டியும் ஆகும்."

என் வீட்டுக்காரர் ஆபீஸ் வேலையாகச் சென்னை போயிருந்தார். தங்கை அவரிடம் பெக்டின் பொடி ஒரு பொட்டலம் கொடுத்துவிட்டாள். வந்ததும் அவசரத்தில் கொதிக்கிற ஜாமில் ஒரு கரண்டியை அப்படியே கொட்டினேன். கஞ்சிக்கட்டி மாதிரி உருண்டை உருண்டையாகத் திரண்டு, என்ன கிண்டியும் கரையவில்லை. திரும்பப் போன். "அய்யோ அக்கா! பொடியை நாலஞ்சு பங்கு சர்க்கரையில கலந்து தூவணும்!" முதலிலேயே சொன்னால் என்னவாம்? சொன்னேன் என்கிறாள். சொல்லவில்லை.

மறுபடி கூடை வந்தது. இந்த முறை அக்காவின் கையைப் பிடித்து நிறுத்தி, மஞ்சள் ஏறி இன்னும் கெட்டியாக இருந்த பழமாக எடுக்க வைத்தேன். "இதுல ருசியே இருக்காது தங்கச்சி" என்று முணுமுணுத்தாள். ஒரு கிலோ துருவலுக்கு முக்கால் கிலோ சீனி. பெக்டின் சேர்க்கிறதால் அவ்வளவு போதும், அதற்குக் கீழே இறங்காதே என்று தங்கை எச்சரித்திருந்தாள். பொடியைச் சீனியில் ஒரு கை எடுத்துக் கலந்து தனியாக வைத்தோம். பழத்தை வேகவைத்து, அந்தக் கலவையைத் தூவிக் கரைத்து, பிறகு மீதிச் சீனி. கடைசியில் இரண்டு எலுமிச்சை. மூன்றாவதை நான் எடுக்கப்போனபோது அக்கா தடுத்தாள். நல்லதுதான், புளிப்பு மிஞ்சினால் ஜாம் பிடித்தபிறகு தண்ணீர் விடும் என்று பின்னால் தெரிந்தது.

எப்போது இறக்குவது என்பதற்கும் கணக்கு உண்டு. சட்டியின் எடையைக் கழித்துவிட்டு, போட்ட சீனியைப்போல ஒன்றரை மடங்கு எடை நின்றால் போதும். கடைக்காரரிடம் தராசு கடன் வாங்கி வந்திருந்தோம். ஃப்ரிட்ஜில் வைத்த தட்டில் ஒரு சொட்டு விட்டு, ஆறவிட்டு, விரலால் தள்ளினேன். மேலே ஏடு சுருங்கியது. அக்காவும் தள்ளிப் பார்த்தாள். திரும்பவும் தள்ளினாள். நிறம் கறுக்கவில்லை, வெயில்பட்ட மஞ்சளாகவே இருந்தது.

மேனேஜர் வந்தார். போத்தலைக் கவிழ்த்தார். அது நகரவில்லை. தடவித் தின்றார். "ஹான், இப்ப டீக் ஹை. இதே மாதிரி சீனியைப் பாதியாவே வச்சுக்குங்க" என்றார். நான் வாயைத் திறந்தேன். அக்கா என் காலை மிதித்தாள். "சரிங்க, அப்புடியே வச்சுக்குறோம்" என்றாள். அவர் போனபிறகு இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு வங்காளி அம்மா ஜன்னலைத் திறந்து பார்த்தாள்.

அண்ணனுக்கு அன்றே போன் போட்டாள். "நான் வரல அண்ணே. வேல இருக்கு." அவ்வளவுதான் பேச்சு.

டிசம்பரில் அவர் கப்பலில் போர்ட் பிளேர் வந்தார். திரும்புகிற அன்று அக்கா அவருக்குச் சோறு போட்டு, கட்டி ஜாம் இரண்டு போத்தல் எடுத்து வைத்தாள். பிறகு உள்ளே போய், அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்து இன்னொன்றைக் கொண்டுவந்தாள். நாங்கள் முதன்முதலில் செய்தது. சீனி சமமாகப் போட்டு, எலுமிச்சை இல்லாமல், ரொம்பப் பழுத்த பழத்தில் செய்தது. அது ஒன்றும் ஆகாமல் இருந்தது. அதை அவள் ஒளித்து வைத்திருந்ததே எனக்குத் தெரியாது.

"இது எதுக்கு, கெட்டுப்போனதா?" என்றார் அண்ணன்.

"இல்ல. அவருக்கு. இருபத்தாறாந் தேதி காலையில, நம்ம லைன் இருந்த எடத்துல, தண்ணியில ஊத்திருங்க."

"அதுக்கு நல்லதா ஒண்ணு குடேன்."

"அது நிக்குமே அண்ணே, ஊத்த ஏலாது" என்றாள். போத்தலைச் சாய்த்து, அது ஓடுகிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு, அவர் பையில் வைத்தாள்.