கறுப்புத் தாளில் இருந்த முகம்

சுன்னாகத்தில் நான் பஸ்களுக்கு ஸ்ரிக்கர் வெட்டி ஒட்டிக்கொண்டிருந்த காலத்தில் பொலிஸ் தன் நிலையத்தை விட்டு வெளியே வருவதில்லை. எந்த பஸ் முதலில் போவது என்ற சண்டையை மினிபஸ்காரர்கள் ஜாக்கிக் கம்பியால் தீர்த்துக்கொண்டார்கள். அப்படி ஒரு சண்டையில் ஒரு கொண்டக்டர் மண்டை பிளந்து செத்துப்போனான். அவனுடைய அண்ணன்தான் அவன் நின்ற பஸ்ஸின் சொந்தக்காரர், சாரதியும் அவரே. செத்தவீடு முடிந்த கையோடு தம்பியின் படத்தைக் கொண்டுவந்தார். வீட்டில் இருந்த ஒரே படம்.

"பின்கதவிலை பெரிசாய் ஒட்ட வேணும். அடிச்சவங்கள் ஒவ்வொரு நாளும் இவன்ரை முகத்தைப் பாக்கட்டும்."

எனக்கும் அது பிடித்திருந்தது. கேட்க நாதியில்லாத ஊரில் வேறு என்ன நியாயம் கிடைக்கப்போகிறது? ஆனால் அவர் தாடி, தலைமயிர் எல்லாம் மயிர் மயிராய்த் தெரிய வேண்டும் என்று நின்றார். எனக்குச் சினம் வந்தது.

"வேண்டாததை ஊசியாலை உரிக்கேக்கை மயிரளவு துண்டெல்லாம் அதோடை வந்திடும் அண்ணை. தப்பினது முதல் மழைக்குக் கழண்டிடும். உங்களுக்கு முகம் வேணுமோ, மயிர் வேணுமோ?"

முகம் என்றார்.

மூன்று நிற ஸ்ரிக்கர்த் தாள் என்று முடிவு செய்தேன். அடியில் முகம் முழுவதற்கும் இளம் மண்ணிறம், அதன்மேல் நிழலுக்குக் கடும் மண்ணிறம், எல்லாவற்றுக்கும் மேல் கறுப்பு. கீழ்த்தாளைக் கொஞ்சம் அகலமாக வெட்டி மேல்தாளின் அடிக்குள் போகவிட்டால் இடைவெளி தெரியாது. சின்னச் சின்ன நிழல்களை எல்லாம் பக்கத்து நிழலோடு சேர்த்தேன். கண்ணையும் புருவத்தையும் ஒரே துண்டாக்கினேன். கறுப்பு மட்டும் தனியே நின்றாலும் ஆள் யாரென்று தெரிய வேண்டும், அது என் பிடிவாதம்.

மண்ணிறத் தாள்கள் இரண்டையும் வெட்டி, வேண்டாததை உரித்துச் சுவரில் தொங்கவிட்டிருந்தேன். கறுப்பையும் வெட்டி முடித்து, படத்தைப் பார்த்துக் கீறி மேலே ஒட்டியிருந்த வரைபடத்தை அப்போதுதான் கழற்றி வைத்தேன். கறுப்பை இன்னும் உரிக்கவில்லை. ஸ்ரிக்கரை மட்டும் வெட்டி, அடிக்கடதாசியில் பிளேட் படாமல் விட வேண்டும். உரிக்கும்வரை வெட்டினது கண்ணுக்குத் தெரியாது.

அந்த நேரம் கொண்டக்டரை அடித்துக் கொன்றவன் வந்தான், கூட இன்னொருத்தன்.

"உந்த முகம் பஸ் ஸ்ராண்டுக்கு வரக்கூடாது" என்றான்.

"நீ செய்ததுதானே வருது" என்றேன். என் வாய் அப்படி. அவன் கையிலிருந்த ஜாக்கிக் கம்பி என் வலது மணிக்கட்டில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. கீழே விழுந்த என்னை விலாவில் உதைத்தார்கள். சுவரில் தொங்கிய மண்ணிற முகங்களைக் கிழித்தார்கள். படத்தையும் வரைபடத்தையும் என் கண்முன்னாலேயே கொளுத்தினார்கள். மேசையில் இருந்த கறுப்பை வெறும் தாளென்று நினைத்துத் தட்டிவிட்டுப் போனார்கள்.

செய்தி கேட்டு அண்ணன் ஓடிவந்தார். சாம்பலைப் பார்த்தார். என் கடைக்கதவின் இரும்புக் கம்பியை உருவினார். போனால் கொலைதான்.

"முதல்லை உங்கடை தம்பியை எடுங்கோ!" என்று கத்தினேன். "உந்தக் கறுப்புத் தாளுக்குள்ளை இருக்கிறான்."

அவருக்கு விளங்கவில்லை. ஊசியைக் காட்டினேன். மூலையைக் கிளப்பச் சொன்னேன். ஸ்ரிக்கர் உரித்துப் பழக்கமில்லாத கை. ஆனால் துண்டுகள் பெரியவை, குறைவானவை. நெற்றி உரிந்தது, கன்னங்கள் உரிந்தன, நடுவில் கண்கள் இரண்டும் நின்றன. அவர் குழறி அழுதார். கம்பி நிலத்தில் கிடந்தது.

மண்ணிறத் தாள் இனிக் கொழும்பிலிருந்து வந்தால்தான். கறுப்பை மட்டும் அகலமான டேப்பில் எடுத்து, பஸ்ஸின் வெள்ளைப் பின்கதவில் சவர்க்காரத் தண்ணீர் பூசி அவரையே ஒட்டவைத்தேன். முகம் நின்றது.

அடுத்த நாள் ஸ்ராண்டில் அண்ணன் தன் பஸ்ஸை அடித்தவர்களின் பஸ்ஸுக்கு முன்னால் விட்டார். நானும் போயிருந்தேன், முறிந்த கை கழுத்தில் கட்டிய துணித்தொட்டிலில். அடித்தவன் இறங்கி வந்தான். முகத்தைப் பார்த்ததும் கல்லொன்றை எடுத்து, இரண்டு கண்களையும் ஒரே இழுவையில் சுரண்டினான். சனம் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு பாய்ந்தது. அவனை அடித்தவர்களில் நானும் ஒருவன், இடது கையால். அவனுடைய பற்கள் என் விரலைக் கிழித்தன. இன்றைக்கும் எனக்கு அதில் வருத்தமில்லை.

அண்ணன் அடிக்கவில்லை. இனி யாரும் கை வைக்காதபடி கதவை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றார். சனம் ஓய்ந்தபிறகு என்னைக் கூப்பிட்டார்.

"கண்ணை மட்டும் திருப்பி வெட்டித் தருவீரோ?"

படம் எரிந்துவிட்டது. அவனை நான் உயிரோடு கண்டதுமில்லை.

"கண் எப்பிடி இருந்ததெண்டு சொல்லுங்கோ அண்ணை, கை சுகமானவுடனை வெட்டுறன்."

அவர் வாயைத் திறந்தார். தம்பியோடு ஒரே வீட்டில் வளர்ந்தவர். கதவைத் திரும்பிப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தம்பியின் கண் எப்படி இருந்ததென்று அவருக்குச் சொல்ல வரவில்லை.