நாற்பத்தொன்றாம் சான்றிதழ்

பதினாறு வருஷம் அடுத்தவர் பார்லர்களில் முடி வெட்டியதில், அவளுக்குக் கத்தரியக்கா என்ற பெயரே நிலைத்துவிட்டது. சொந்தமாக அழகுக்கலைப் பயிற்சி நிலையம் தொடங்கினாள். மாடியில் ஒரே அறை, இரண்டு நாற்காலி, மூன்று மாதப் படிப்பு, பேட்ச்சுக்கு எட்டுப் பேர். நாத்தனார் கூட நின்று சொல்லிக்கொடுத்தாள். கொழுந்தன் சான்றிதழ் அச்சடித்துக் கொடுத்தான்.

ஐந்தாவது பேட்ச்சுக்குக் கூட்டம் வந்தது. வாடகையும் ஏறியிருந்தது. பதினாறு பேரைச் சேர்த்துக்கொண்டாள்.

அந்தப் பேட்ச் முடிந்த மறுவாரம் ஊரில் பெரிய சலூன் நடத்தும் சலூன்காரம்மா போனில் அழைத்தாள்.

"உங்க சர்டிபிகேட்டோட ஒரு பொண்ணு வந்தா. புருவம் எடுக்கச் சொன்னேன். கஸ்டமர் தோலையே கிழிச்சிட்டா. காகிதத்தைக் காசுக்கு விக்கிறீங்களா?"

 கத்தரியக்காவுக்கு முதலில் நினைவுக்கு வந்தது கொழுந்தன்தான். அச்சகம் அவன் கையில். பத்து தாள் கூடுதலாக அடித்தால் யாருக்குத் தெரியும்? அன்று அவன் ஊற்றிக் கொடுத்த காப்பியைக்கூடத் தொடவில்லை. அவன் வெளியே போனதும் வெற்றுத் தாள்களை இரண்டு முறை எண்ணினாள். கணக்கு சரியாக இருந்தது. அது இன்னும் சந்தேகத்தைக் கிளப்பியது.

நேரே சலூனுக்குப் போய்ச் சான்றிதழை வாங்கிப் பார்த்தாள். எண் நாற்பத்தொன்று. கீழே இருந்தது அவளுடைய கையெழுத்தேதான்.

திரும்பி வந்து பதிவேட்டைப் புரட்டினாள். ஒவ்வொரு பெண்ணும் நிஜமாகவே இருபது பேருக்குப் புருவம் எடுத்த பிறகுதான் சான்றிதழ் என்பது அவள் போட்ட சட்டம். நாற்பத்தொன்றுக்கு நேரே இருபது டிக். எல்லாம் ஒரே பேனா, ஒரே தேதி.

"இதை யாரு போட்டது?" என்று நாத்தனாரிடம் கேட்டாள்.

"நான்தான், அண்ணி." அவள் தலையைத் தூக்கவில்லை. "பதினாறு பேரு, ரெண்டு நாற்காலி. இருபது முகத்துக்கு நான் எங்க போவேன்? தேதிக்குள்ள முடின்னு நீங்கதான் விரட்டினீங்க. பாதிப் பேருக்கு அப்படித்தான் போட்டேன். நீங்களும் புரட்டிப் பாக்காம கையெழுத்துப் போட்டீங்க."

கத்தரியக்கா பதிவேட்டை மூடினாள். தன் கையெழுத்தை விட்டுவிட்டு வேறெங்கோ திருடனைத் தேடி அலைந்திருக்கிறாள்.

அந்தப் பேட்ச்சில் டிக் மட்டும் வாங்கியிருந்த எட்டுப் பேரையும் கூப்பிட்டுச் சான்றிதழைத் திரும்ப வாங்கினாள். இன்னொரு மாதம் கட்டணமில்லாமல் பயிற்சி. ஒரு பெண்ணின் அம்மா மட்டும் சண்டைக்கு வந்தாள்.

"பணம் வாங்கினீங்கல்ல?"

"கத்துக்கொடுக்கத்தானேம்மா வாங்கினேன். இன்னும் கத்துக்கொடுத்து முடிக்கல."

அதற்குப் பிறகு எட்டுக்கு மேல் சேர்க்கவில்லை. கட்டணத்தைக் கொஞ்சம் ஏற்றினாள். புதிதாகச் சேர வந்தவர்களில் இரண்டு பேர் விலகிப் போனார்கள். திரும்பப் பயிற்சி எடுத்த எட்டுப் பேரின் கடைசிப் பரீட்சைக்குச் சலூன்காரம்மாவையே வந்து உட்காரச் சொன்னாள்.

"வர்றேன். ஆனா புருவம் எடுத்துக்க ஆளை நான்தான் கூட்டிட்டு வருவேன்" என்றாள் அவள்.

சொன்னபடியே தன் ஆட்களோடு வந்தாள். மாலைவரை ஒவ்வொரு முகத்தையும் வெளிச்சத்தில் திருப்பிப் புருவத்தைப் பார்த்தாள். எட்டில் ஐந்து பேர் தேறினார்கள். அதில் இரண்டு பேரை, ஒரு மாதம் வேலையில் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று தன் சலூனுக்குக் கூட்டிப்போனாள்.

அன்று வீடு திரும்பிய கத்தரியக்கா கொழுந்தனிடம் தானே போய்க் காப்பி கேட்டாள்.