வாசலுக்கு மேலே ஏறிய வயர்

என் வீட்டுக்காரருக்கு ஈப்போவில் முழங்கால் ஆபரேஷன் முடிந்து, கையில் வாக்கரோடு வீடு வந்தார். அனுப்பும்போது நர்ஸ் என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "தரையில பாய், வயர் ஒண்ணும் கிடக்கக்கூடாது. திரும்ப விழுந்தா கதை வேற."

எங்கள் வாடகை வீட்டு ஹாலில் ரௌட்டர் ஒரு மூலை, டிவி எதிர் மூலை. நடுவில் சமையலறை வாசல். டிவிப் பெட்டிக்குப் போகிற இன்டர்நெட் வயர் அந்த வாசலைக் கடந்து தரையில் கிடந்தது. அவரோ, "என் கோப்பிய நானே கலக்கிக்குவேன், நான் என்ன வந்த விருந்தாளியா?" என்கிறவர். எஸ்டேட் லோரியை மலையில் ஓட்டிய மனுஷன், உட்காரச் சொன்னால் உட்காருவாரா? அவர் எழுந்திருக்கும் ஒவ்வொரு தடவையும் நான் ஓடிப்போய் வயரைக் காலால் ஒதுக்கினேன்.

எங்கள் மலையூர் தானா ராத்தாவில் சாமான் கடைக்காரரிடம் கேட்டேன். முதலில் தரையில் போடுகிற ரப்பர் மூடி ஒன்றைக் காட்டினார். வயர் அதற்குள் போகும், நடுவில் மேடு மாதிரி இருக்கும். வாக்கர் என்றதும் அதைத் திரும்ப எடுத்து வைத்தார்.

"அந்த மேட்டுலயே இடிக்கும்லா அக்கா. வாசலுக்கு மேல ஏத்திடுங்க. கேசிங் இருக்கு."

கேசிங் என்றால் வெள்ளை பிளாஸ்டிக் குழல். பின்னால் ஒட்டும் டேப், முன்னால் டக்கென்று மூடுகிற மூடி. தூரம் அளக்க நான் கொண்டுபோனது துணி காய்கிற கயிறு! அதைப் பார்த்து, மேலே ஏறி இறங்க இன்னும் நீளமான வயர் வேண்டும் என்று எடுத்துக் கொடுத்தார். "கரண்டு வயர இதோட சேத்துப் போடாதீங்க, அதுக்குத் தனிக் குழல். ரௌட்டரப் பெட்டிக்குள்ள பூட்டிறாதீங்க, அதுக்கும் மூச்சு வேணும்."

அடுத்த வீட்டில் இருக்கிற வீட்டுக்காரம்மாவிடம் அனுமதி கேட்டால், "ஆணி, டிரில்லுன்னு பேச்சே கூடாது. ஒட்டுறதுன்னா முதல்ல அலமாரிக்குப் பின்னால ஒரு துண்டு ஒட்டி, உரிச்சுக் காட்டு. என் பெயிண்ட் வந்துச்சு, நீயும் வந்துடுவ வெளிய!" என்றார். ஒட்டினேன். மறுநாள் முடி உலர்த்துகிற மிஷினால் சூடு காட்டி மெல்ல உரித்தேன். பெயிண்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. "சரி போ," என்றார், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

சாயங்காலம் குழலை ரம்பத்தால் அறுத்து, நாற்காலியில் ஏறி, மூலைக்கு மூலைத்துண்டு வைத்து, வாசலைச் சுற்றி ஒட்டி, உடனே வயரையும் திணித்து மூடிவிட்டேன். அவ்வளவு பெருமை எனக்கு.

காலையில் என் வீட்டுக்காரர் குரல். "இங்க வாயேன். உன் பாலம் இறங்கிடுச்சு."

போய்ப் பார்த்தால் வாசலுக்கு மேலிருந்த குழல் விழுந்து கிடக்கிறது, வயர் அவர் கால் உயரத்தில் ஊஞ்சல் மாதிரி தொங்குகிறது. அதற்கு ஒரு சாண் தள்ளி வாக்கரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அவர் சிரித்தார். நான் ஓடிப்போய் வயரைத் தூக்கிப் பிடித்தேன்.

சத்தம் கேட்டு வீட்டுக்காரம்மா வந்தார். திட்டுவார் என்று நின்றேன். அவர் குழலைப் பார்க்கவே இல்லை. ஹாலின் குறுக்கே நான் கட்டியிருந்த கயிற்றையும் அதில் தொங்கிய ஈரத் துணிகளையும் பார்த்தார்.

"ஏம்மா, வாரம் பூரா பனி. துணிய இங்க காயப்போட்டா செவரு வேர்க்காதா? தொட்டுப் பாரு."

தொட்டேன். விரல் நனைந்தது. இந்த ஈரத்தில் டேப் எப்படிப் பிடிக்கும்? இந்த மலையில் மழைக் காலத்தில் யார்தான் துணியை வெளியில் போடுகிறார்கள்? வீட்டுக்குள்தான் எல்லாருக்கும். அந்த ஈரம் எங்கே போகும் என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை.

"என் பின்கூடத்துல போடு, காத்து வரும். வாடகை கேக்கமாட்டேன்லா, பயப்படாத."

கயிற்றை அவிழ்த்தோம். சுவரைத் துடைத்து மிஷினால் காயவைத்தேன். என் வீட்டுக்காரரின் காயம் துடைக்க வாங்கிய ஸ்பிரிட்டைத் தொட்டு இன்னொரு தடவை துடைத்தேன். "என் மருந்து செவத்துக்கா? சரி, அதுவும் நோயாளிதானே," என்றார் அவர். பழைய டேப்பை எடுத்துவிட்டுப் புது டேப் வைத்து, அழுத்தி அழுத்தி ஒட்டி, இந்தத் தடவை வயரைப் போடாமல் வெறும் குழலாக ஒரு நாள் விட்டேன். அந்த ஒரு நாள் டிவி இல்லை. வீட்டுக்காரம்மா வந்து உட்கார்ந்து பேசினார், அதுவே போதுமான நிகழ்ச்சி.

மறுநாள் வயரை உள்ளே வைத்து மூடினேன். இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. நான் சொல்லும் முன்னமே என் வீட்டுக்காரர் எழுந்தார். இந்தத் தடவை நான் ஓடவில்லை, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாக்கர் டொக் டொக்கென்று வெறும் தரையில் போய், வாசலைத் தாண்டி, உள்ளே மறைந்தது. கொஞ்ச நேரத்தில் உள்ளிருந்து குரல் வந்தது:

"சீனி டப்பாவ எங்கம்மா வச்ச?"

நான் எழுந்திருக்காமலே பதில் சொன்னேன்.