குளிர் போதாது என்று நான் கேட்ட கேள்வி

தொண்ணூறுகளின் கடைசி. பல்கலைக்கழக இயற்பியல் துறையில் நாங்கள் இரண்டு தமிழ்ப் பெண்கள் முதுகலை ஆய்வு செய்துகொண்டிருந்தோம். அவள் வீடு நகருக்குள்ளேயே பிரிக்ஃபீல்ட்ஸில், என் வீடு தொலைவில் கிள்ளானில். நான் இரண்டு பஸ் மாறி வேர்த்து ஊற்றி வந்து சேர்வதற்குள் அவள் கேன்டீனில் நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீயைக் குடித்து முடித்திருப்பாள். அதிலேயே எனக்குப் பாதி எரிச்சல்.

வெளிநாட்டு ஆய்வகம் ஒன்றிலிருந்து ஒரு பேராசிரியர் வருவதாக இருந்தது. அவரிடம் ஒரே ஒரு ஆராய்ச்சி இடம் காலி. சிலிக்கனில் ஒற்றை எலக்ட்ரானைப் பிடித்து, அதன் ஸ்பின்னை, அதாவது அதற்குள் இருக்கும் குட்டிக் காந்தத்தை, குவாண்டம் கணினியின் கியூபிட்டாக்கும் வேலை. உலகத்தில் யாரும் அப்போது அதைச் செய்து காட்டியிருக்கவில்லை, எல்லாம் காகிதத்தில்தான். அவர் முன்னால் நாங்கள் இருவரும் பேச வேண்டும். எங்கள் துறைத் தலைவர் தலைப்பைப் பிரித்துக் கொடுத்தார். எலக்ட்ரானின் ஸ்பின்னைத் திருப்புவது எனக்கு, அதைப் படித்தறிவது அவளுக்கு.

"படிக்கிறதுதான் கஷ்டம், அவ நல்லா விளக்குவா," என்றார். அப்போ நான் என்ன, பந்திக்கு இலை போடுகிறவளா?

அவர் வந்த அன்று முதலில் நான் பேசினேன். சிலிக்கன் சில்லின் மேல் நுண்ணிய உலோக மின்முனைகள், அவற்றுக்கு அடியில் ஒரே ஒரு எலக்ட்ரான் அடைபட்ட குவாண்டம் புள்ளி. காந்தப்புலம் வைத்தால் ஸ்பின்னுக்கு மேல், கீழ் என இரண்டு ஆற்றல் நிலைகள். இடைவெளிக்குச் சரியாகப் பொருந்தும் அதிர்வெண்ணில் மைக்ரோவேவ் துடிப்புக் கொடுத்தால் ஸ்பின் திரும்பும். போதுமான நேரம் கொடுத்தால் கீழிருந்து மேலே போய்விடும், அதில் பாதி நேரத்தில் நிறுத்தினால் இரண்டு நிலைகளும் சமமாகக் கலந்து நிற்கும். பிசகில்லாமல் சொன்னேன். அந்தப் பேராசிரியர் தலையாட்டினார், அவ்வளவுதான்.

பிறகு அவள் எழுந்தாள். ஒற்றை ஸ்பின்னின் காந்தம் மிகச் சிறியது, நேராக அளக்க முடியாது. அதனால் ஸ்பின்னை மின்னூட்டமாக மாற்றிவிட வேண்டும் என்றாள். புள்ளிக்குப் பக்கத்தில் எலக்ட்ரான்கள் நிறைந்த ஒரு தேக்கம். அது நிரம்பியிருக்கும் ஆற்றல் மட்டத்தை இரண்டு நிலைகளுக்கும் நடுவில் வைத்தால், மேல்நிலை எலக்ட்ரான் வெளியேறிவிடும், கீழ்நிலைக்கு வழி இல்லை. வெளியேறினால் பக்கத்திலுள்ள மின்னூட்ட உணரியில் மின்னோட்டம் மாறும். அறையே நிமிர்ந்து உட்கார்ந்தது. எனக்கு யாரும் அப்படி உட்காரவில்லை.

அப்போதுதான் அவள் திரையில் போட்டிருந்த கணக்கைப் பார்த்தேன். காந்தப்புலம் ஒரு டெஸ்லா, வெப்பநிலை திரவ ஹீலியத்தினுடையது, ஏறத்தாழ நான்கு கெல்வின். எங்கள் ஆய்வகத்தில் திரவ நைட்ரஜனையே கெஞ்சித்தான் வாங்குவோம். ஹீலியம் என்றாலே எங்களுக்குக் குளிரின் கடைசி எல்லை. அந்தப் பழக்கத்தில் அவளும் அதையே எழுதிவிட்டாள். ஆனால் ஒரு டெஸ்லாவில் இரு நிலைகளுக்கும் உள்ள இடைவெளி, அந்த வெப்பத்தின் குலுக்கலைவிடச் சின்னது. தேக்கத்தின் மட்டமே கலங்கிப்போகும். கீழ்நிலை எலக்ட்ரானும் வெளியே ஓடும்.

கையைத் தூக்கினேன். "இந்த வெப்பத்தில் மேல் எது, கீழ் எது என்று எப்படித் தெரியும்?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டேன். தனியாகச் சொல்லியிருக்கலாம்தான். சொல்ல மனம் வரவில்லை, இன்றைக்கும் வராது.

அவள் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "தெரியாது. நான் எழுதியது தப்பு," என்றாள்.

சந்தோஷமாக இருந்தது. அரை நிமிடம்.

பலகைக்குப் போய்ப் புதிதாக எழுதினாள். ஒரு கெல்வினில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே குளிர்விக்க வேண்டும், அப்போது மட்டம் தெளிவாகும். எழுதிக்கொண்டே நின்றாள். "அப்படியானால் மேல்நிலை எலக்ட்ரான் போன இடத்துக்குத் தேக்கத்திலிருந்து கீழ்நிலை எலக்ட்ரான்தான் வர முடியும். உணரியில் ஒரு சின்ன எழும்பல், பிறகு பழைய இடம். படித்து முடிக்கும்போது புள்ளியில் எப்போதும் கீழ்நிலைதான் இருக்கும். அடுத்த மைக்ரோவேவ் துடிப்புக்குத் தொடக்கநிலை தயார்."

என் துடிப்பு! அது கீழ்நிலையிலிருந்து தொடங்கும் என்று சொன்னேனே தவிர, அந்த நிலையை யார் தருவது என்று நான் யோசித்ததே இல்லை. பேராசிரியர் எழுந்து பலகைக்கே போய்விட்டார். இருவரும் சாக்பீஸை மாற்றி மாற்றி வாங்கி எழுதினார்கள். நான் தூக்கிய கையை எப்போது இறக்கினேனோ தெரியாது.

இடம் அவளுக்குத்தான் கிடைத்தது. சிப்பாங் விமான நிலையத்துக்கு நானும் போனேன். போகாவிட்டால் பொறாமை என்பார்கள். இருந்ததும் பொறாமைதான். அவள் சொந்தக்காரர்களை விலக்கிக்கொண்டு வந்து என் கையைப் பிடித்தாள்.

"அவரு என்ன சொன்னாரு தெரியுமா? என் பேச்சு ஏற்கெனவே வந்த ஆய்வுப் பேப்பர்ல இருக்கறதுதானாம். உன் கேள்விக்கு அப்புறம் எழுதனதுக்குத்தான் என்னை எடுத்தாராம். நீ கேக்கலன்னா, தப்பில்லாம பேசுன உனக்கே குடுத்திருப்பாரு லா!"

நன்றியோடுதான் சொன்னாள். அதுதான் இன்றும் தாங்க முடியவில்லை.