நாலாவது குறி என்னைப் பைத்தியம் என்றது

எனக்கு முதல் காதல் வந்தது முப்பத்தொரு வயதில். அம்மாள் வருத்தம், அதுதான் அம்மை நோய், மாதிரித்தான் இதுவும். சின்ன வயதில் வந்தால் இரண்டு கிழமையில் சுகமாகிவிடும், வளர்ந்தபிறகு வந்தால் ஆளையே கவிழ்த்துப் போடும். எனக்கு வந்தது இரண்டாவது வகை.

அப்போது நான் பிரெஞ்சுத் தலைநகரில், ரூ லூயி-பிளாங்க் என்ற தெருவில் ஒரு பயண முகவர் கடையில் வேலையில் இருந்தேன். கொழும்பு, சென்னை, டொரொண்டோ விமானச் சீட்டுகள்தான் எங்கள் வியாபாரம். என்னைக் கவிழ்த்தவர் கால்வாய்ப் பக்கம் ஒரு பிரெஞ்சு உணவகத்தில் சமையல்காரர். மத்தியானச் சமையலுக்கும் இரவுச் சமையலுக்கும் நடுவில், மூன்றரை மணிக்கு, கை முழுக்க வெங்காய வாசனையோடு வருவார். முதல் தடவை தாயாருக்குக் கொழும்புச் சீட்டு எடுக்க வந்தார். பிறகு துலூஸ் ரயிலைப் பற்றிக் கேட்க வந்தார். பிறகு திரும்பவும் துலூஸ் ரயிலைப் பற்றிக் கேட்க வந்தார்.

தூரத்தில், தெற்கே துலூஸ் நகரத்தில் ஒரு உணவக முதலாளி அவரைத் தலைமைச் சமையல்காரராகக் கூப்பிட்டிருந்தார். புதன்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். "தங்கச்சி, ஒருவழி போடுறதோ, போய்வாறது போடுறதோ? ஒரு முடிவும் வருதில்லை" என்பார். நான் கணினியைத் தட்டுவேன். "அண்ணை, காலமையிலை ஒண்டு இருக்கு, பின்னேரம் ஒண்டு இருக்கு" என்பேன். கேட்டீர்களா, அண்ணை! எங்கள் கடையில் அறுபதுக்கு உட்பட்ட ஆம்பிளை எல்லோரும் அண்ணைதான். அது மரியாதையும் இல்லை, பாசமும் இல்லை, வாய்ப் பழக்கம். அந்த வாய்ப் பழக்கத்தோடுதான் நான் ஆறு மாதம் ஒருவரை மனசுக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

புதன் நெருங்க நெருங்க எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் போனால் போனதுதான். போகவேண்டாம் என்று சொல்வதென்றால், இது சும்மா ஒரு மயக்கமா, உண்மையானதா என்று எனக்கு முதலில் தெரியவேண்டும். ஒரு மனிதனின் வேலையைக் கெடுத்துவிட்டு, அடுத்த மாதம் "மன்னிக்கவேணும் அண்ணை, அது காய்ச்சல்" என்று சொல்ல முடியாதே. முன்பின் காதலித்திருந்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒப்பிட என்னிடம் ஒன்றுமில்லை.

ஸ்டாலின்கிராட் மெட்ரோ நிலையத்துக்குப் பக்கத்தில் என்னோடு வீட்டைப் பகிர்ந்திருந்தவள் புதுச்சேரிக்காரி, மாநகராட்சி அலுவலகத்தில் வேலை. அவளிடம் சீனக் குறிநூல் ஒன்று பிரெஞ்சில் இருந்தது. மூன்று நாணயத்தை ஆறு தடவை போட்டு, ஆறு கோடு போட்டுப் பார்க்கும் குறி. மொத்தம் அறுபத்துநாலு குறிகள். ஞாயிறு பின்னேரம் தேத்தண்ணியை வைத்துவிட்டு அவளிடம் கேட்டேன்.

"இது சீரியஸோ எண்டு கேட்டுச் சொல்லு."

"எது சீரியஸ்? உன்னுதா, அவருதா?"

நான் அதை யோசிக்கவே இல்லை. "பொதுவா" என்றேன்.

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "இது ஆமா, இல்லன்னு சொல்லாதுடி. நெலம எப்படி இருக்குன்னு சொல்லும். ஒரு தடவதான் கேக்கணும். காசு நீயே போடு, கணக்கு நான் பாக்கறேன்."

பணப்பையிலிருந்து மூன்று ஒரு யூரோ நாணயங்களை எடுத்துத் தந்தாள். கைக்குள் குலுக்கி மேசையில் போட்டேன். "ஃபாஸுக்கு மூணு, பீலுக்கு ரெண்டு" என்று தலைப் பக்கத்துக்கும் மறுபக்கத்துக்கும் மதிப்பு வைத்து அவள் கூட்டினாள். மூன்று நாணயத்தைக் கூட்டினால் ஆறு, ஏழு, எட்டு, ஒன்பதுக்குள் ஒன்றுதான் வரும். ஒற்றை எண் வந்தால் முழுக்கோடு, இரட்டை எண் வந்தால் நடுவில் உடைந்த கோடு. ஆறும் ஒன்பதும் வந்தால் அந்தக் கோடு நிலையில்லாதது, எதிர்க்கோடாக மாறப் போகிறது என்று அர்த்தம். முதல் கோடு அடியில், அதற்கு மேல் அடுத்தது, வீடு கட்டுவதுபோலக் கீழிருந்து மேலே.

எனக்கு வந்தது எட்டு, ஏழு, எட்டு, ஆறு, எட்டு, ஏழு. கீழ் மூன்று கோடும் சேர்ந்தால் தண்ணீர். மேல் மூன்றும் மலை. நூலின் கடைசியில் இருந்த கட்டத்தில் தண்ணீர் வரிசையும் மலை வரிசையும் சந்திக்கும் இடத்தில் அவள் விரல் நின்றது. நாலாவது குறி. பிறகு அவள் சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி மேசையில் சிந்தியது.

"பேர் என்ன தெரியுமா? இளசுப் பைத்தியம்!"

"ஆர் பைத்தியம்?"

"கேட்டவதான்."

மலையடியில் ஊற்று ஒன்று புறப்பட்டு, எந்தப் பக்கம் ஓடுவதென்று தெரியாமல் நிற்கிறதாம். அதுதான் படம். குறி தன் வாயாலேயே பேசுகிறது, அது சொல்வது இன்னும் மோசம். நான் பைத்தியத்தைத் தேடிப் போகவில்லை, பைத்தியம்தான் என்னைத் தேடி வந்தது. முதல் தடவை கேட்டால் சொல்வேன். இரண்டு, மூன்று தடவை கேட்டால் அது தொல்லை, தொல்லை செய்பவருக்கு ஒன்றும் சொல்ல மாட்டேன் என்ற கருத்து. எனக்கு முகம் சுட்டது. எங்கள் பள்ளிக்கூட வாத்தியார்கூட என்னை இப்படிப் பேசியதில்லை.

ஆறு வந்த நாலாவது கோட்டுக்குத் தனியாக ஒரு பேச்சு இருந்தது. மேலேயும் உடைந்த கோடு, கீழேயும் உடைந்த கோடு. பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஒரு முழுக்கோடு இல்லை. தன் கற்பனைக்குள் மாட்டிக்கொண்டு உலகத்தைப் பாராதவர் வெட்கப்படுவார் என்று பொருள். அந்தக் கோட்டை மாற்றிப் போட்டால் அறுபத்துநாலாவது குறி, 'இன்னும் முடியவில்லை'. ஆற்றைக் கடக்கப்போன குட்டி நரி கரைக்குக் கிட்ட வந்து வாலை நனைத்துக்கொள்கிற கதை.

"பதில் வந்துடுச்சு" என்றாள் அவள். "மனசுக்குள்ள படம் ஓட்டாத, வெளியில நடக்கறதப் பாரு. துலூஸ் ரயில் டிக்கெட்ட போன்லயே வாங்கலாம்ல? அந்தாளு எதுக்குடி கொழும்பு ஏஜென்சிக்கு வந்து கேக்கறான்?"

"அவருக்கு ஃபோன் பாவிக்கத் தெரியாதாக்கும்" என்று கத்திவிட்டுக் கதவைச் சாத்தினேன். எனக்குக் கோபம் வந்தால் மூளை முதலில் வெளியேறிவிடும்.

திங்கட்கிழமை அவளுடைய நூலை என் கைப்பையில் ஒளித்துக்கொண்டு வேலைக்குப் போனேன். கேட்கக்கூடாது என்று ஒரு நூல் சொன்னால், கேட்காமல் இருக்க நான் என்ன அவ்வளவு நல்லவளா? கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து மூன்று ஒரு யூரோ நாணயத்தை எடுத்தேன். முன்பக்கம், பின்பக்கம் எது என்று அப்போதுதான் உற்றுப் பார்த்தேன். ஒரு பக்கம் பெரிய ஒன்று. மறுபக்கம் மரம். தலை எங்கேயும் இல்லை. பூவா தலையா போட்டு வளர்ந்த எனக்கு இதில் குழப்பமே வரவில்லை. இலையும் கிளையுமாக இருப்பது பூ. மிச்சம் தலை. தலைக்கு மூன்று, பூவுக்கு இரண்டு.

சீட்டு உறை ஒன்றின் பின்னால் எழுதினேன். ஏழு, எட்டு, ஏழு, ஏழு, ஏழு, எட்டு. ஆறும் இல்லை, ஒன்பதும் இல்லை. கீழே நெருப்பு, மேலே ஏரி. நாற்பத்தொன்பதாவது குறி. பெயரைப் பார்த்ததும் கதிரையிலிருந்து எழும்பிவிட்டேன். புரட்சி! பழைய தோலை உரித்துப் போடும் நேரம், உரிய நாள் வந்தால் நம்புவார்கள், வருத்தம் மறைந்துபோகும். இதைவிட என்ன வேண்டும்?

செவ்வாய் மூன்றரைக்கு அவர் வந்தார். கதிரையில் இருக்கவும் இல்லை. நான் தொடங்கிவிட்டேன்.

"அண்ணை, எனக்கு உங்களிலை சரியான விருப்பம்."

பக்கத்து மேசையில் இருந்த கடைக்காரர் தொலைபேசியைக் காதில் வைத்தபடியே உறைந்துபோனார். சமையல்காரருடைய முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை, காது மட்டும் சிவந்தது.

"முதலிலை அந்த அண்ணையை எடுங்கோ" என்றார்.

"நீங்களும்தானே தங்கச்சி எண்டு சொன்னனீங்கள்!"

"நீங்கள் அண்ணை எண்டால் நான் வேறை என்னெண்டு சொல்லுறது? எனக்கும் விருப்பம்தான். ஃபோனிலை எடுக்கிற ரயில் டிக்கெட்டுக்கு நாலு தரம் நடந்து வந்தனான்."

"சீரியஸாவோ?"

"ஓம்."

"உண்மையா சீரியஸாவோ?"

"ஓம் எண்டு சொல்லிப்போட்டன்."

"இல்லை, சும்மா சொல்லேல்லையே?"

அவர் கைகளைக் கட்டிக்கொண்டு சுவரில் இருந்த விமானப் படத்தைப் பார்த்தார். நான் வாயை மூடினேன். பிறகு அவரே மெதுவாகச் சொன்னார், துலூஸ் வேலையை விட மனமில்லை என்று. அங்கே அவருக்குக் கீழே ஆட்கள் இருப்பார்கள், இங்கே பத்து வருடமாக வெங்காயம் வெட்டுகிறார். அதைக் கெடுக்க எனக்கும் மனம் வரவில்லை. வேலைக்குப் போகட்டும், என்னிடம் திரும்பியும் வரட்டும் என்று போய்வாற சீட்டுப் போட்டேன். திகதியைப் பிழையாக அடித்துத் திருத்தினேன்.

இரவு சாப்பிடும்போது தோழியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். நூலைக் களவெடுத்ததையும் சொல்லி, உறையை நீட்டினேன். "பார், புரட்சி!"

அவள் உறையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "மரத்துக்கு எத்தன போட்ட?"

"ரெண்டு. அது பூவெல்லோ."

"மரம் பூவா? நாட்டோட சின்னம் இருக்கற பக்கம்டி அது, அதுதான் ஃபாஸ். நம்பர் இருக்கறது பீல். எல்லாத்தயும் தலகீழா போட்டிருக்க." பேனாவை எடுத்து ஏழையெல்லாம் எட்டாக்கினாள், எட்டையெல்லாம் ஏழாக்கினாள். எட்டு, ஏழு, எட்டு, எட்டு, எட்டு, ஏழு. கீழே தண்ணீர். மேலே மலை.

அதே நாலாவது குறி. இந்தமுறை மாறுகிற கோடு ஒன்றுகூட இல்லை. அப்படி வந்தால் குறியின் பொதுப் பேச்சை மட்டும்தான் படிக்க வேண்டும். அதாவது, திரும்பத் திரும்பக் கேட்கும் பைத்தியமே, உனக்கு ஒன்றும் சொல்ல மாட்டேன்.

நான் உறையைத் திரும்பப் பிடுங்கினேன். "அப்ப நான் சொன்னது பிழையோ? அது சொல்லெண்டு சொல்லேல்லையோ?"

"அது ஒண்ணுமே சொல்லல. வாய மூடிட்டிருந்துச்சு."

"அப்ப ஆர் எனக்குச் சொன்னது?"

அவள் தோளைக் குலுக்கிவிட்டு இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டாள். எனக்கு முதலில் பயமாக இருந்தது, பிறகு வெட்கமாக இருந்தது. அதன் பிறகு வந்தது சந்தோஷம்தான், அதை மறைக்க எனக்குத் தெரியவில்லை. எந்தச் சட்டை வாங்குவதென்றாலும் நாலு பேரைக் கேட்கிற நான், ஒருவரும் சொல்லாமல், நானாகவே வாயைத் திறந்து எனக்கு விருப்பம் என்று சொல்லியிருக்கிறேன்.