பரணில் இருந்த ஷூ

விஜயகுமார் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வார்ப்பட ஆலை ஒன்றில் தரம் பார்க்கும் வேலை. வயது நாற்பத்தைந்து, தனி ஆள். சம்பளமில்லாத வேலை இன்னொன்றும் அவருக்கு உண்டு. முதல்முறையாக மலையேறப் போகிறவர்கள், தங்களிடம் இருக்கும் கூடாரத்தையும் ஸ்லீப்பிங் பேக்கையும் ஷூவையும் படம் எடுத்து ஒரு வாட்ஸ்அப் குழுவில் போடுவார்கள். அது என்ன வகை, கொண்டுபோகலாமா கூடாதா என்று இவர் சொல்ல வேண்டும்.

அதில் ஆள் கெட்டி. கூடாரப் படம் வந்தால், "இது உள்பக்கம் மட்டும்தான், மழைக்கு மேலே மூடுகிற துணி எங்கே?" என்று கேட்பார். ஸ்லீப்பிங் பேக் என்றால் லேபிளைக் கிட்டத்தில் எடுத்து அனுப்பச் சொல்வார். சில பைகளில் கொட்டை எழுத்தில் இருக்கும் குளிர் அளவு, உயிர் தப்பிக்கிற அளவுதானாம். நிம்மதியாகத் தூங்குகிற அளவு பொடி எழுத்தில் இருக்கும், அதைத்தான் பார்க்க வேண்டும் என்பார்.

பதில் கிடைத்ததும் எல்லோரும் கிளம்பிப் போய்விடுவார்கள். அத்தனை பேர் இருக்கிற குழுவில் ஒரு ஜென்மம்கூட, நீங்களும் வாங்களேன் என்று இவரைக் கூப்பிட்டதில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இவரோ அடுத்த படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

நாலு வருடத்துக்கு முன்னால் கம்பெனி பஸ்ஸில் இருந்து இறங்கும்போது அவருக்கு முழங்கால் ஜவ்வு கிழிந்தது. மலை இறக்கம் இப்போதைக்கு ஆகாது என்றார் டாக்டர். அதற்குச் சில நாள் முன்புதான் புது ட்ரெக்கிங் ஷூ வாங்கியிருந்தார். அதைப் பிளாஸ்டிக் கவரில் கட்டிப் பரணில் வைத்தார். அடுத்த வருசம் கால் சரியாயிடும், போலாம் என்று ஒவ்வொரு வருடமும் சொல்வார். அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் மனிதர் அந்த வீட்டில் தனியாகக் காலம் தள்ளினார்.

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் மீன்குழம்பு கொடுக்கப் போயிருந்தேன். ஒரு படத்தைக் காட்டிச் சிரித்தார். மணவாளன் என்று ஒருவர் அனுப்பியது. ஊத்துக்கோட்டைப் பக்கம், நெல் பயிரிடுகிறவர். இங்கே ஓர் ஆலையில் ஸ்டோர் ரூமையும் பார்த்துக்கொள்கிறார். ஜவ்வாது மலைக்கு இரண்டு நாள் பயணம், அதுதான் அவருக்கு முதல் மலை. கணுக்கால் வரை ஏறிய தடித்த ஷூ, முன்பக்கம் உருண்டையாகப் புடைத்திருந்தது.

எனக்கே தெரிந்தது. ஆலையில் கொடுக்கிற சேஃப்டி ஷூ. ஊரில் பாதிப் பேர் காலில் இருப்பது. உள்ளே இரும்பு மூடி. இறக்கத்தில் விரல் போய் அதில் இடிக்கும், நகம் கன்றிப்போகும். அடிப்பாகமும் எண்ணெய்த் தரைக்கு ஏற்றது, மண் சரிவைக் கவ்வுகிற ஆழமான பல் கிடையாது. இதையெல்லாம் பொறுமையாக எழுதி அனுப்பினார்.

மணவாளன் எழுதாமல், குரல் பதிவாகவே பதில் அனுப்பினார். "அப்போ நான் வர்ல நைனா. இத்த உட்டா வேற இல்ல."

விஜயகுமார் பரணை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அளவு என்ன என்று கேட்டார். எட்டு. இவருக்கு எட்டரை. தடித்த சாக்ஸ் போட்டால் சரியாக இருக்கும், முன்னால் கட்டைவிரல் அளவு இடமும் கிடைக்கும் என்று எனக்குச் சொன்னார். ஒரு ஷூ இருக்கிறது, படம் அனுப்புகிறேன் என்று அவருக்கு எழுதினார். நான் ஸ்டூலில் ஏறிக் கவரை எடுத்துக் கொடுத்தேன்.

ஷூ பளபளவென்று இருந்தது. துடைத்து, ஜன்னலோரம் வைத்துப் பக்கவாட்டில் படம் எடுத்தார். வழக்கம்போல விரலால் பெரிதாக்கினார். விரல் நின்றுவிட்டது. அடிப்பாகத்துக்கும் மேல்பாகத்துக்கும் நடுவில் இருக்கும் மெத்தை அடுக்கில் மயிரிழை மயிரிழையாக வெடிப்பு. ஷூவை எடுத்து அந்த இடத்தை அழுத்தினார். பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. போடாமல் வைத்தாலும் இந்த அடுக்கு ஈரத்திலும் சூட்டிலும் மக்கிப்போகும். கவருக்குள் காற்று வேறு இல்லை, மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. ஒரு இறக்கத்திலேயே அடி கழன்றுவிடும். எத்தனையோ பேருக்கு அவரே சொன்ன விஷயம். தன்னுடையதை மட்டும் அவர் பிரித்தே பார்க்கவில்லை.

மணவாளன் காத்திருந்தார். விஜயகுமார் வெடிப்பைச் சுற்றி வட்டம் போட்டுப் படத்தை அனுப்பினார். இதுவும் ஆகாது, சென்னையில் வாடகைக்குக் கிடைக்கும், கட்டாயம் போய்வாருங்கள் என்று எழுதி, கடையின் எண்ணையும் கொடுத்தார்.

உடனே குரல் வந்தது. "யாரு ஷூ பா அது? புதுசா கீது. இவ்ளோ பத்திரமா வச்சிகினு, ஒருநாளு கூட போடாம உட்டுட்டாரே பாவம்."

விஜயகுமார் அந்தக் குரலை இன்னொரு முறை போட்டுக் கேட்டார். பிறகு ஃபோனை வாய்க்குக் கிட்டே கொண்டுபோனார்.

"தெரிஞ்சவரு ஒர்த்தர்து," என்றார். "அவரு இனிமே மலைக்குப் போவமாட்டாரு."